ஒரு சின்னக் குழாய் மிச்சம்

அந்த ஆய்வகத்தில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் யாரும் இல்லை. எல்லோருக்கும் அவள் பட்டை அக்கா. இருபத்தாறு வருடமாக அவள் செய்த வேலை புரதங்களைப் பிரித்து, மெல்லிய தாளில் ஏற்றி, கறுப்புப் பட்டைகளாகத் தெரியவைப்பது. புதிதாகச் சேரும் மாணவர்களின் பட்டைகள் கோணலாகவும் கலங்கலாகவும் வரும். அவளுடையவை அளவுகோல் வைத்துக் கோடு போட்டதுபோல வரும். "பட்டை தீட்டுறதுன்னா இதுதான்" என்று பேராசிரியர் ஒருமுறை சொன்னார். அன்று ஒட்டிக்கொண்ட பெயர்.

அவளுக்கு ஐம்பத்தொரு வயது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அம்மா சீக்கிரம் போய்விட்டதால் ஒன்பது வயது மூத்த சொந்த அக்காதான் அவளை வளர்த்தாள். அக்காவின் வீடு பேருந்தில் ஐந்து மணி நேரத் தூரத்தில். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் இருவரும் தொலைபேசியில் பேசுவார்கள்.

"இத்தனை வருஷமாச்சு, நீ என்னடி வேலை பாக்குறன்னு எனக்கு இன்னும் விளங்கல" என்றாள் அக்கா ஒரு ஞாயிறு.

"புரதம் இருக்குல்ல. அது சும்மா உக்காந்திருக்கும். கைனேஸ்னு ஒண்ணு வந்து அது மேல ஒரு பாஸ்பேட்டை ஒட்டும். உடனே புரதத்தோட வடிவம் மாறி வேலை செய்ய ஆரம்பிக்கும். அப்புறம் பாஸ்படேஸ்னு இன்னொண்ணு வந்து அந்தப் பாஸ்பேட்டைப் பிச்சு எடுத்துரும். புரதம் பழையபடி உக்காந்துக்கும். திரும்ப ஒட்டினா திரும்ப எந்திரிக்கும்."

"எல்லாப் புரதமும் இப்படித்தானா?"

"இல்ல. சிலது ஒட்டினா வேலைய நிறுத்தும். நான் பாக்குறது ஒட்டினா எந்திரிக்கிற ஜாதி."

"அப்போ நம்ம வீட்டுத் துணிக்கொடிதான். நான் காயப்போடுறேன், உங்க அத்தான் ஈரத்தோட எடுத்துட்டு வர்றாரு. இதைப் பாக்குறதுக்கு உனக்குச் சம்பளம் வேற."

அவள் அன்று வாய்விட்டுச் சிரித்தாள்.

அந்த வருடம் ஆய்வகத்தில் முக்கியமாக நடந்தது ஒரு மருந்துச் சோதனை. புற்றுக்கட்டி வளரும் எலிகளில் ஒரு குறிப்பிட்ட புரதம் எப்போதும் பாஸ்பேட்டைச் சுமந்துகொண்டு, செல்லின் கருவுக்குள் போய் "பெருகு, பெருகு" என்று விரட்டிக்கொண்டே இருந்தது. அதன்மேல் பாஸ்பேட்டை ஒட்டும் கைனேஸை முடக்கத்தான் புது மருந்து. கைனேஸ் முடங்கினால் செல்லில் ஏற்கெனவே இருக்கும் பாஸ்படேஸ்கள் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். ஒட்டியிருப்பதைப் பிய்த்துப் போட்டுவிடும். புதிதாக ஒட்ட ஆள் இருக்காது. ஆகவே மருந்து கொடுத்த எலியின் கட்டியில் பாஸ்பேட் அடையாளம் மறைந்திருந்தால், மருந்து கட்டிக்குள் போய் வேலை செய்திருக்கிறது என்று அர்த்தம்.

சோதனை ஓர் ஆராய்ச்சி மாணவியுடையது. அவளைச் சுட்டி என்று கூப்பிடுவார்கள். ஓரிடத்தில் நிற்கமாட்டாள், பேச்சும் நிற்காது. நான்காவது வருடத்தில் இருந்தாள். தட்டில் வளர்த்த செல்களில் மருந்து நன்றாக வேலை செய்தது. எலியில் செய்வதாகக் காட்டிவிட்டால் ஆய்வேடு எழுத உட்கார்ந்துவிடலாம். மருந்து கொடுக்காத ஆறு எலி, கொடுத்த ஆறு எலி. சுட்டி பன்னிரண்டு கட்டிகளையும் எடுத்த நொடியே திரவ நைட்ரஜனில் உறையவைத்துப் பட்டை அக்காவிடம் ஒப்படைத்தாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை அவள் வேலையைத் தொடங்கினாள். உறைந்த கட்டியை உரலில் இட்டுப் பொடியாக்க வேண்டும். பாதிப் பொடியைத் திரும்பவும் உறைபெட்டிக்கு அனுப்ப வேண்டும். மீதியைக் கரைசலில் கரைக்க வேண்டும். கரைத்த கணத்திலிருந்து ஆபத்து தொடங்குகிறது. உறைந்திருந்தவரை கையைக் கட்டிக்கொண்டிருந்த பாஸ்படேஸ்கள் விழித்துக்கொள்ளும். உயிருள்ள செல்லில் இந்தப் பக்கம் பிய்க்கப் பிய்க்க அந்தப் பக்கம் கைனேஸ் ஒட்டிக்கொண்டே இருக்கும். ஒட்டுவதற்கு ஏடிபி என்ற எரிபொருள் வேண்டும். பாஸ்பேட்டே அதிலிருந்துதான் வருகிறது. செத்துக் கரைந்த திசுவில் ஏடிபி தீர்ந்துபோகும். பிய்ப்பதற்கோ தண்ணீர் போதும். அதனால் கரைத்தவுடன், பாஸ்படேஸைத் தடுக்கும் கலவையைச் சேர்த்துவிட வேண்டும். பிறகு சோப்புக் கரைசலில் கொதிக்கவைத்தால் எல்லா நொதியும் உருக்குலைந்து அடங்கிவிடும். அதற்கப்புறம் எவ்வளவு நேரம் கிடந்தாலும் பட்டை மாறாது.

தடுப்புக் கலவையை அவளே சின்னச் சின்னக் குழாய்களில் பிரித்து, ஒரு தடவைக்கு ஒன்று என்று பெட்டியில் அடுக்கி வைத்திருப்பாள். மருந்து கொடுக்காத ஆறையும் முதலில் முடித்தாள். கலவை சேர்த்து, கொதிக்கவைத்து, எடுத்து வைத்தாள். பிறகு மருந்து கொடுத்த ஆறையும் பொடித்துக் கரைத்து, பனிக்கட்டியிலிருந்து எடுத்து மேசைமேல் தாங்கியில் நிறுத்தினாள். கையுறையை மாற்றும்போது தொலைபேசி அதிர்ந்தது. அத்தான். வேலை நேரத்தில் அத்தான் கூப்பிட்டதே கிடையாது.

வராந்தாவுக்குப் போய் எடுத்தாள்.

"அக்கா காலையில எந்திரிக்கலம்மா" என்றார் அத்தான். "டாக்டர் வந்து பாத்துட்டாரு. தூக்கத்துலயே போயிட்டா."

"சரி" என்றாள்.

"நீ கிளம்பி வா."

"சரி அத்தான்."

தொலைபேசியைச் சட்டைப் பையில் போட்டாள். மாடிப்படியில் கொஞ்சம் உட்கார்ந்ததாக ஞாபகம். எதிர்ச் சுவரில் தீயணைப்புக் கருவி ஒன்று தொங்கியது. அதன்மேல் ஒட்டிய தாளில் யாரோ மாதாமாதம் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். அதைப் படித்தாள். பிறகு எழுந்து உள்ளே போய்க் கையுறை மாட்டிக்கொண்டு, ஆறு குழாய்களிலும் சோப்புக் கரைசலை விட்டுக் கொதிகலத்தில் வைத்தாள். முடிந்ததும் பெயர் எழுதி உறைபெட்டியில் வைத்தாள். மேசையைத் துடைத்தாள். அலுவலகத்தில் விடுப்பு எழுதிக் கொடுத்தாள். காரணம் என்ற இடத்தில் "சொந்த வேலை" என்று போட்டாள்.

அக்காவின் வீட்டில் அவள் அழவில்லை. வந்தவர்கள் கட்டிப்பிடித்து அழுதார்கள். அவர்கள் முதுகைத் தட்டிக்கொடுத்தாள். "கல்லு மாதிரி இருக்காளே" என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. உண்மைதான் என்று பட்டது, அவ்வளவுதான். நாற்காலிகள் போதுமா என்று எண்ணினாள். டம்ளர்களைக் கழுவினாள். ஐந்தாம் நாள் வேலைக்குத் திரும்பினாள்.

ஆய்வகத்தில் யாருக்கும் தெரியாது. அவளும் சொல்லவில்லை. ஒன்றே ஒன்று மட்டும் மாறியிருந்தது. யாராவது "அக்கா" என்று கூப்பிட்டால் அவள் திரும்ப ஒரு நொடி அதிகமாயிற்று. வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று காத்திருப்பதுபோல இருந்தது.

மறுநாளே பன்னிரண்டையும் பிரித்துத் தாளில் ஏற்றினாள். இரண்டு தாள்கள். ஒன்றில், பாஸ்பேட் ஒட்டிய புரதத்தை மட்டும் அடையாளம் காணும் ஆன்டிபாடி. மற்றதில், ஒட்டியிருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்தப் புரதம் மொத்தம் எவ்வளவு என்று காட்டும் ஆன்டிபாடி. படம் எடுக்கும் இருட்டுப் பெட்டியின் முன்னால் சுட்டி நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றாள். திரையில் மொத்தப் புரதம் பன்னிரண்டு இடத்திலும் ஒரே கனத்தில் வந்தது. பாஸ்பேட் தாளில் முதல் ஆறு கரிக்கோடு. அடுத்த ஆறு இடமும் வெறுமை.

"அக்கா, ஒண்ணுகூட இல்ல" என்று சுட்டி கிசுகிசுத்தாள். "துடைச்சு விட்ட மாதிரி."

"ஆமா" என்றாள்.

பேராசிரியர் வந்து கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார். வழக்கமாகக் குறை சொல்ல ஏதாவது தேடுபவர் அன்று தேடவில்லை. அடுத்த மாதம் மருத்துவமனைக் குழு வருவதாக இருந்தது. நோயாளிகளிடம் முதல் சோதனை தொடங்கலாமா என்று முடிவு செய்யும் குழு. "இந்தப் படம் முதல் பக்கம்" என்றார். சுட்டி எல்லோருக்கும் கேக் வாங்கி வந்தாள். பட்டை அக்கா ஒரு துண்டை வாங்கித் தின்றாள். இனிப்பா என்று கேட்டிருந்தால் யோசித்துத்தான் சொல்லியிருப்பாள்.

மூன்று வாரம் அப்படியே போயிற்று. காலையில் வந்தாள், மாலையில் போனாள். ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டைப் பெருக்கினாள்.

மாதக் கடைசியில் பொருள்கள் வாங்கப் பட்டியல் எழுத வேண்டும். உறைபெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்தாள். தடுப்புக் கலவைப் பெட்டியில் நாலு குழாய் இருக்க வேண்டும். ஐந்து இருந்தது. இன்னொரு தடவை எண்ணினாள். கலவை எடுக்கும்போதெல்லாம் மூடியின் உள்பக்கம் ஒரு கோடு போட்டுத் தேதி எழுதுவது அவள் பழக்கம். அந்தச் செவ்வாய்க்கிழமைத் தேதிக்கு நேரே ஒரு கோடுதான் இருந்தது. இரண்டு இருக்க வேண்டும்.

அவள் உறைபெட்டியை மூடினாள். தொலைபேசியை எடுத்து அத்தானின் அழைப்பைத் தேடினாள். பத்து நாற்பத்தொன்று, இரண்டு நிமிடம். கொதிகலத்துக்கு அருகே தொங்கும் பதிவேட்டில் அவள் கையெழுத்திலேயே நேரம் இருந்தது. பதினொன்று முப்பத்தாறு. நடுவில் ஐம்பத்து மூன்று நிமிடம். அவள் ஞாபகத்தில் மாடிப்படியில் உட்கார்ந்தது ஐந்து நிமிடம்.

ஆறு குழாய்களும் அந்த நேரமெல்லாம் கலவை இல்லாமல் மேசைமேல் நின்றிருக்கின்றன. புரதத்தையே சிதைக்கும் நொதிகளுக்கான தடுப்பு முன்பே கரைசலில் இருந்தது. அதனால் புரதம் அப்படியே இருந்தது. அதன்மேல் இருந்த பாஸ்பேட்டைப் பிய்ப்பவைக்குத்தான் தடையே இல்லை. மருந்து என்ன செய்திருக்க வேண்டுமோ அதையே மேசை செய்திருக்கிறது. படத்தைப் பார்த்து யாராலும் இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியாது.

பயம் வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை. பொய் சொல்லவும் தோன்றவில்லை, உண்மையைச் சொல்லவும் அவசரமில்லை. செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது என்று மட்டும் தோன்றியது. அவளுக்குத் தெரிந்தது வேலைதான்.

மறுநாள் ஏழு மணிக்கே வந்தாள். மருந்து கொடுக்காத எலி ஒன்றின் பொடியைக் கலவை சேர்க்காமல் கரைத்து, மேசைமேல் வைத்தாள். உடனே கொஞ்சம் எடுத்துக் கொதிக்கவைத்தாள். பிறகு பத்து நிமிடத்தில், இருபதில், நாற்பதில், அறுபதில். பக்கத்திலேயே கலவை சேர்த்த இன்னொரு குழாய். அதிலிருந்தும் அதே நேரங்களில் எடுத்தாள். அறுபது நிமிடம் கலவையில்லாமல் கிடந்ததில் கடைசியாகக் கொஞ்சம் மிச்சம் வைத்தாள். அதில் தடுப்புக் கலவையை ஊற்றி, உறைபெட்டியில் இருந்த சுத்தமான கைனேஸையும் ஏடிபியையும் சேர்த்து, வெதுவெதுப்பில் அரை மணி நேரம் வைத்துக் கொதிக்கவைத்தாள்.

அடுத்த நாள் மாலை படம் எடுத்தாள். கலவை இருந்த குழாயில் பட்டைகள் தேயவில்லை. இல்லாததில் பத்தில் வெளுத்தது, இருபதில் பாதி, நாற்பதில் நிழல், அறுபதில் ஒன்றுமில்லை. கடைசி இடத்தில், கைனேஸ் சேர்த்ததில், பட்டை திரும்ப வந்திருந்தது. கறுப்பாக, திடமாக. புரதத்துக்கு ஒரு சேதமும் ஆகவில்லை. கழன்றதை ஒட்ட ஆள் வந்ததும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

அந்தப் பட்டையை அவள் நெடுநேரம் பார்த்தாள். அக்கா இருந்தால் ஞாயிற்றுக்கிழமை சொல்லியிருக்கலாம் என்று நினைத்தாள். நினைப்பு வந்தது, அதோடு வரவேண்டிய எதுவும் வரவில்லை.

மருந்து கொடுத்த ஆறு எலிகளின் பாதிப் பொடி இன்னும் உறைபெட்டியில் இருந்தது. அதை இந்தத் தடவை ஒழுங்காகக் கரைத்து, கலவை சேர்த்து, கொதிக்கவைத்தாள். படத்தில் ஆறும் கரிக்கோடு. ஒன்று மட்டும் கொஞ்சம் வெளுப்பு. தட்டில் வேலை செய்த மருந்து கட்டிக்குள் கைனேஸைத் தொடவே இல்லை.

சுட்டியிடம்தான் முதலில் சொன்னாள். காலியாக இருந்த கூட்ட அறையில் மூன்று படங்களையும் வரிசையாக வைத்தாள்.

"இது முதல்ல எடுத்தது. இது நேரம் வச்சுப் பாத்தது. இது உன் ஆறு எலி, திரும்பச் செஞ்சது."

சுட்டி படங்களைப் பார்த்தாள். முகம் மெல்ல மெல்லச் சுருங்கியது.

"கலவை போடலையா?"

"போடல."

"இருபத்தாறு வருஷத்துல ஒரு தடவைகூட மறந்ததில்லைன்னு சொல்வீங்களே."

"ஆமா."

"என் எலிதான் கிடைச்சுதா உங்களுக்கு?"

பட்டை அக்கா மூன்றாவது படத்தை அவள் பக்கம் நகர்த்தினாள்.

"ஒரு மாசமா நான் எழுதிட்டிருக்கேன். ரெண்டு அத்தியாயம் முடிச்சாச்சு. அம்மாகிட்ட அடுத்த வருஷம் வேலைக்குப் போயிருவேன்னு சொல்லிட்டேன். நீங்க இப்ப வந்து..." குரல் உடைந்தது. "அன்னிக்கு என்னதான் பண்ணிட்டிருந்தீங்க?"

"போன் வந்துச்சு. எங்க அக்கா இறந்துட்டா."

சுட்டி நாற்காலியைப் பின்னால் தள்ளினாள். கோபம் போகவில்லை. அதை வைத்துக்கொள்ள இடம் மட்டும் இல்லாமல் போயிற்று. படங்களை மேசையிலேயே விட்டுவிட்டு எழுந்து வெளியே போனாள். கதவு சாத்தும் சத்தம் கேட்டது. பட்டை அக்காவுக்குக் கன்னத்தில் லேசாகச் சூடு ஏறியது. ஒரு மாதத்தில் உடம்பில் அவள் உணர்ந்த முதல் விஷயம் அதுதான்.

பேராசிரியர் படங்களைத் தனித்தனியாகத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். திரும்பிவந்த அந்தப் பட்டையை விரலால் தொட்டார்.

"இது கைனேஸ் சேர்த்ததா?"

"ஆமா சார். கலவை ஊத்தி, ஏடிபியோட."

"அப்போ புரதம் இருக்கு, அடையாளம்தான் போயிருக்கு. சந்தேகமே இல்ல." நாற்காலியில் சாய்ந்தார். "எவ்வளவு நேரம் வெளியில இருந்துச்சு?"

"ஐம்பத்து மூணு நிமிஷம். எனக்கு அஞ்சு நிமிஷம்னுதான் ஞாபகம்."

"போன மாச ஆரம்பத்துல நீங்க எடுத்த லீவு..."

"அதுக்குத்தான் சார்."

"சொந்த வேலைன்னு எழுதியிருந்தீங்க."

"ஆமா."

திட்டுவார் என்று அவள் நின்றுகொண்டிருந்தாள். திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் தோன்றியது.

"குழு வர இன்னும் எட்டு நாள் இருக்கு" என்றார் கடைசியில். "நீங்க அந்தப் பெட்டியை எண்ணாம விட்டிருந்தா, இந்த மருந்தை யாரோ ஒரு நோயாளி வேலை செய்யுதுன்னு நம்பிச் சாப்பிட்டிருப்பாங்க." கணினியைத் தன் பக்கம் திருப்பினார். "நான் அவங்களுக்கு எழுதிடறேன். படம் எல்லாம் உங்க பேர்லயே இணைச்சு அனுப்புறேன். நீங்க ரெண்டு வாரம் வரவேண்டாம்."

"தண்டனையா சார்?"

"லீவு. கேக்காமலே குடுக்குறேன்."

குழு வரவில்லை. மருத்துவமனையிலிருந்து, எலிகளில் மறுபடி காட்டும்வரை முதல் சோதனை தள்ளிவைக்கப்படுகிறது என்று இரண்டு வரி பதில் வந்தது. சுட்டியின் ஆய்வேடு ஒன்றரை வருடம் தள்ளிப்போனது. மருந்து கட்டிக்குள் போகுமுன் ஈரல் அதைச் சிதைத்துவிடுகிறது என்று அவள் பிறகு கண்டுபிடித்து, அதையே எழுதிப் பட்டம் வாங்கினாள். ரொம்ப நாள் வரை அவள் பட்டை அக்காவை "மேடம்" என்றுதான் கூப்பிட்டாள். அந்த ஆய்வகத்தில் யாரும் யாரையும் மேடம் என்று கூப்பிடுவதில்லை. பட்டை அக்கா அதற்குத் தயங்காமல் திரும்பினாள். ஒரு விதத்தில் அது சௌகரியமாகவே இருந்தது.

அந்த இரண்டு வார விடுப்பில் அவள் அத்தான் வீட்டுக்குப் போனாள். அத்தான் பகலெல்லாம் வானொலியைப் போட்டுவிட்டு அதைக் கேட்காமல் உட்கார்ந்திருந்தார். அவள் சமைத்தாள், அவர் சாப்பிட்டார், அவளும் தட்டின் முன்னால் உட்கார்ந்து, வைத்ததைத் தின்று எழுந்தாள். அக்காவின் அலமாரியைத் திறக்கலாமா என்று அவர் இருமுறை கேட்டார். "அப்புறம் பாக்கலாம்" என்றாள் இருமுறையும். பகலில் தூங்கினாள். தூக்கத்தில் கனவு எதுவும் இல்லை.

பதினோராம் நாள் மத்தியானம் அவள் சமையலறையில் வெங்காயம் வதக்கிக்கொண்டிருந்தாள். அத்தான் வாசற்படியில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். வாணலியிலிருந்து வாசனை எழுந்தது. அவள் கரண்டியை நிறுத்தினாள்.

"அத்தான்" என்று கூப்பிட்டாள்.

"என்னம்மா?"

"எனக்குப் பசிக்குது."

அவர் செருப்பை விட்டுவிட்டு உள்ளே வந்தார். ஒரு தட்டை எடுத்துத் துடைத்து, அவள் முன்னால் வைத்தார்.